செவ்வாய்க்கிழமைக்கான உறுதிமொழி

பெண் வீட்டு வேன் அரியலூர் மண்டபத்து வாசலில் நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கல்யாணம் மாலை நாலரைக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம் என்பது காலண்டர் மாட்டிய எல்லா வீட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கசாமி அந்த நேரத்தைக் குறித்திருந்தார். பல வருடமாகச் சுயமரியாதைத் திருமணங்களை நடத்திவைக்கிறவர் அவர். ராகுவுக்குப் பயப்படாதது அவருடைய கொள்கை. யாரும் கேட்காத நேரம் என்பதால் மண்டபக்காரர் வாடகையைக் குறைத்தது, பெண்ணின் அம்மா ஜோதிக்கு அதைவிடப் பிடித்த கொள்கை.

ஜோதிக்குச் சிறுவாச்சூர் கோயில் வாசலில் வளையல் கடை. நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அந்த இரண்டு நாள் கூட்டத்தில் வாரம் முழுவதற்கும் சம்பாதித்து, கணவர் போன பிறகு தனியாளாக மகளைப் படிக்கவைத்தவள். மகள் நர்மதா பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன்.

மாப்பிள்ளை தமிழ்மாறனுக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஷிப்ட் வேலை. நல்ல பையன். போன வாரம் அவன் ஒரு காரியம் செய்தான். மேடையில் படிக்கப்போகும் உறுதிமொழியை நர்மதாவின் போனுக்கு அனுப்பினான். அவள் ‘படிச்சேன்’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டு அவன் சந்தோஷமாகச் சலூனுக்குப் போனான். பெண்கள் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் அதற்கு வெட்கம் என்று பெயர் இல்லை. சலூன்காரரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா முத்தாயி நின்றிருந்தாள். புதுப் பட்டுப்புடவை. இடுப்பில் ஒரு சாவி.

“வாங்க சம்பந்தி. வா கண்ணு, வெயில்ல நிக்காத” என்று நர்மதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சொந்தக்காரப் பெண்ணிடம் சாவியை எடுத்துக் காட்டினாள். “ஆலை குவார்ட்டர்ஸ் சாவி. பையன் பேருல குடுத்துட்டாங்க. பதினஞ்சு வருசம் காண்ட்ராக்ட்ல அந்தத் தெருவத்தான் பெருக்குனேன். இனிமே அங்க குடியிருக்கப் போறேன். பெருக்க வேற ஆள் வரும்.”

அந்தப் பெருமையில் ஒரு பொய்யும் இல்லை. சொந்தக்காரப் பெண்ணின் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவள் நர்மதாவிடம் திரும்பி, “அப்ப நீ ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வந்துருவியாமே? நல்லதும்மா. இங்கயே எதாவது பாத்துக்கலாம்” என்றாள்.

நர்மதா சிரித்தாள். அவள் அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் கடையில் தான் சிரிக்கிற அதே சிரிப்பு.

மாடியில் மணமகள் அறை. உள்ளே போனதும் நர்மதா கதவைச் சாத்தினாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“சாவி விசயமா? இப்பத்தான் தெரியும். நீ கேக்கலயா?”

“வீடு பாத்துட்டு இருக்கேன்னு சொன்னாரு. எந்த ஊர்லன்னு நானும் கேக்கல.”

“ஒரு டஜன் வளையல் எடுக்குறவ நாலு தடவ அளவு பாக்குறா. நீ ஊரைக் கேக்கல.”

நர்மதாவின் வேலை இப்படி. முதல் நோயாளிக்குக் காலை ஆறு மணிக்கு ஊசி ஏறியாக வேண்டும். அதற்கு முன் எந்திரங்களைக் கழுவி, குழாய்களைப் பூட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தே காலுக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் வந்து, பஸ் மாறி, அந்த நேரத்துக்குப் பெரம்பலூர் போய்ச் சேர எந்தப் பஸ்ஸும் கிடையாது. குவார்ட்டர்ஸ் என்றால் வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

“அவர மேல வரச்சொல்லும்மா.”

“கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் பாக்கக்கூடாதும்பாங்க.”

“ராகுகாலத்துல கல்யாணம் பண்றோம். இத மட்டும் பாக்கணுமா?”

ஜோதி போய்க் கூட்டிவந்தாள். தமிழ்மாறன் புது வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவன். ஜோதி நாற்காலியைக் கதவருகே போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நடப்பது வியாபாரம் என்று அவளுக்குத் தெரியும். சாட்சி இல்லாமல் வியாபாரம் பேசக்கூடாது என்பதும் தெரியும்.

நர்மதா போனை எடுத்தாள்.

“நீங்க அனுப்புனத படிக்கிறேன். ‘என் உயிரின் உயிரே, உன் கனவுகளுக்கு நான் சிறகாவேன்.’ என் கனவு என்னன்னு தெரியுமா?”

“தெரியும்... வாழ்க்கையில முன்னேறணும்.”

“என் கனவு அஞ்சேகாலுக்கு வேலைக்குப் போயிச் சேரணும். அதுக்குச் சிறகு வேணாம். வீடு பெரம்பலூர்ல இருந்தாப் போதும்.”

தமிழ்மாறன் வேட்டியை விட்டான். பிறகு அவசரமாகப் பிடித்தான்.

“குவார்ட்டர்ஸ் வந்தது போன வாரந்தான். அம்மா கேட்டுச்சு, குடுத்தேன். உங்கிட்டச் சொல்லணும்னுதான்...”

“கல்யாணம் நாலரைக்கு.”

ஜோதி தொண்டையைச் செருமினாள்.

“மாப்ள, கோவிச்சுக்காதீங்க. எனக்குச் செவ்வாய்க்கிழமைன்னு ஒரு பழக்கம் இருக்கு. திங்க, வெள்ளி கூட்டத்துல எந்தச் சரக்கும் நல்ல சரக்காத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை ஆளே இருக்காது. அன்னிக்கு எடுத்து வெளிச்சத்துல பாத்தாத்தான் எது தேறும், எதுல கீறல்னு தெரியும். இந்த வாக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை என்ன பண்ணும்னு பாருங்க. சிறகு செவ்வாய்க்கிழமை என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது அத்தை.”

“இத எங்க புடிச்சீங்க?”

அவன் ஒத்துக்கொண்டான். போனில் பத்துக் கல்யாண வீடியோ பார்த்து, அங்கங்கே கேட்டதை ஒட்டுப்போட்டது. தங்கசாமி மாமாவின் வழக்கமான உறுதிமொழி பழசாக இருக்கிறதென்று புதுசு செய்திருந்தான். “எல்லாரும் கை தட்டுனாங்க, அதான்.”

“அடுத்தது” என்றாள் நர்மதா. “‘ஏழேழு பிறவியிலும் உன்னைப் பிரியேன்.’ உங்க மாமா மறுபிறவி இல்லன்னு பேசுறவரு. அவரே மைக்குல உங்களுக்கு இத எடுத்துக் குடுக்கணுமா?”

இதற்குத் தமிழ்மாறனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் நகர ஆரம்பித்தது. அவன் பாயில் உட்கார்ந்தான். ஜோதி தன் பையிலிருந்து கடை பேனாவையும், அழைப்பிதழ் வந்த அட்டை உறை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

“பிரியேன்னா என்ன அர்த்தம்னு பாப்போம்” என்றான் அவன். “நான் கோவம் வந்தா போன அணைச்சுடுவேன். உனக்கே தெரியும்.”

“ரெண்டு நாள் அணைச்சீங்க. புடவை எடுத்த வாரம்.”

“அப்ப இப்படி எழுதலாம். ‘கோபத்தில் போனை அணைக்க மாட்டேன்.’”

“முடியுமா?”

யோசித்தான். “முடியாது. ‘பேசப் பிடிக்கலன்னா, பிடிக்கலன்னு சொல்லிட்டு வைப்பேன்.’ இது முடியும்.”

“இது தேறும்” என்றாள் ஜோதி.

இப்படித்தான் ஒவ்வொன்றாக உரித்தார்கள். ‘உன் கண்ணில் ஒரு துளி நீர் வரவிட மாட்டேன்’ என்பதற்கு நர்மதா, “சின்ன வெங்காயம் வெளையுற பெரம்பலூர்ல குடும்பம் நடத்திக்கிட்டு அத உரிக்காம இருக்க முடியுமா?” என்று கேட்டாள். கண்ணீரைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, அது அடுத்தவர் கண்ணில் இருக்கிறது என்று முடிவானது. தன் கையில் இருப்பதற்கு மட்டும்தான் வாக்கு. அந்த வரியை அடித்துவிட்டு, ‘வெங்காயம் உரிப்பது என் வேலை’ என்று எழுதினான். ‘உன்னை ராணியாக வைத்திருப்பேன்’ போய், ‘குழாயில் தண்ணீர் வரும் நேரம் வீட்டில் இருப்பவர் பிடித்துவைக்க வேண்டும், அது நானாக இருந்தாலும்’ என்று வந்தது.

“‘இருந்தாலும்’ எதுக்கு?” என்றாள் நர்மதா. “உபகாரம் பண்ற மாதிரி இருக்கு.”

‘அது நானாக’ என்பதையும் சேர்த்து அந்தச் சொல் போனது.

நர்மதாவின் சரக்கும் ஒன்றும் குறைந்ததில்லை. ‘உன் நிழலாய்த் தொடர்வேன்’ என்று அவளும் ஒன்று வைத்திருந்தாள். எங்கேயிருந்து என்று சொல்லவில்லை.

“சி ஷிப்ட்டு ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு” என்றான் தமிழ்மாறன். “நான் பகல்ல தூங்குறவன். இருட்டு ரூம்ல நிழல் எங்கருந்து வரும்?”

“என்ன வேணும், சொல்லுங்க.”

“தூங்க விடு. அதுபோதும். எங்க வூட்டுல பகல்ல தூங்குனா வர்றவங்கள்லாம் எழுப்பி, என்னப்பா உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க.”

‘நைட் ஷிப்ட் முடித்து நீங்கள் தூங்கும் பகலில் மிக்ஸி ஓடாது. வந்தவர்களை நானே பேசி அனுப்புவேன்’ என்று அவள் எழுதிக்கொண்டாள்.

‘ஈருடல் ஓருயிர்’ என்ற இடம் வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“எங்க யூனிட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு பிரஷர வூட்டுல மறைச்சவங்க. மாத்திர போட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்டப் பொய் சொன்னவங்க. அந்தம்மாவும் நம்பிட்டு, இப்ப வாரத்துல மூணு நாள் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும். உங்க உயிரு வேணாம் எனக்கு. ரிப்போர்ட்டு குடுங்க.”

“வருசம் ஒருதரம் ஆலையில எடுப்பாங்க. அப்படியே கொண்டாந்து குடுக்குறேன். நீயும் குடுக்கணும்.”

“குடுக்குறேன்.”

இது மட்டும் இருவர் வாயிலும் ஒரே வரியாக எழுதப்பட்டது. இன்னும் இரண்டு வாக்குகள் பேசப்பட்டன. அதில் ஒன்றைச் சொல்லும்போது ஜோதி எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். அவை மைக்குக்கு இல்லை என்று தனியே வைத்தார்கள். எல்லாவற்றையும் கடை வாசலில் பரப்பக்கூடாது.

கடைசியில் முதல் வரி மிச்சமிருந்தது. சிறகு.

“நடுவுல குன்னத்துல வீடு பாத்துட்டா?” என்றான் தமிழ்மாறன். “உனக்கும் பாதி, எனக்கும் பாதி.”

ஜோதி தலையை ஆட்டினாள். “வளையல ஆளுக்குப் பாதின்னு உடைச்சா ரெண்டு பேரு கையும் மூளிதான் மாப்ள. இவளுக்கு அங்கருந்தும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. நடுவுல முடிக்கிறது சோம்பேறி பேரம். யாரால முடியும், யாரால முடியாதுன்னு பாருங்க.”

அவன் விரலால் பாயில் கோடு போட்டான். பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை பைக். அங்கிருந்து ஆலை பஸ். இரண்டு மணி ஷிப்ட் என்றால் ராத்திரி வீடு வர பதினொன்றரை ஆகும். மழைக்காலத்தில் நனைவான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்பான். ஆனால் முடியும். அவளுக்கு முடியாது.

“சரி” என்றான். எழுதினான். ‘நர்மதாவின் வேலை பெரம்பலூரில். நம் வீடும் பெரம்பலூரில். தூரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.’

நர்மதா அதை இரண்டு முறை படித்தாள். வெற்றி வந்துவிட்டால் பேரத்தில் உடனே முகத்தைக் காட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். ஆனாலும் காட்டிவிட்டாள்.

“உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நீ வேணா மெதுவா...”

“அதுக்கும் ஒரு வரி போடுங்க. ‘என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். முன்கூட்டியே சொல்வேன்.’ எங்கம்மாவுக்கு நான். உங்கம்மாவுக்கு நீங்க. மைக்குல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது அவங்க. தெருவப் பெருக்கிட்டு ஆசப்பட்டவங்க.”

எழுதும்போது அவன் கை கொஞ்சம் மெதுவாகப் போனது.

அப்போதுதான் தங்கசாமி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கறுப்புத் துண்டு, கையில் சுருட்டிய தாள். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுகிறவர்.

“மணமக்கள் இங்க இருக்கீங்களா. ஒத்திகை பாக்கணும். என்னா அது?”

தமிழ்மாறன் அட்டையைக் கொடுத்தான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெங்காயத்தில் நின்றார். மிக்ஸியில் மறுபடி நின்றார்.

“என்னடா இது, சந்தைக்குச் சாமான் வாங்கப்போற மாதிரி? இதையா மேடையில படிக்கிறது?”

“செய்ய முடிஞ்சத எழுதியிருக்கோம் மாமா.”

“உக்காரு.” அவரும் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. “எங்க அய்யன் கல்யாணத்துக்கு மந்திரம் சொல்ல ஒருத்தன் வரல. மேளம் வாசிக்க வரல. அவரு வாழ்க்கை பூரா கேட்டது ‘டேய்’தான். என் கல்யாணத்துல ஒருத்தரு மைக்கப் புடிச்சு ‘மாண்புமிகு மணமகன் தங்கசாமி அவர்களே’ன்னாரு. எங்கம்மா கூட்டத்துல எந்திரிச்சு நின்னுடுச்சு. யாரோ பெரிய ஆளு வந்துட்டாங்கன்னு. பொறவுதான் தெரிஞ்சுச்சு, அது நான்னு. பெரிய வார்த்தைன்னு சிரிக்காதீங்கடா. எங்களுக்கு அது சும்மா கெடைக்கல.”

ஜோதிகூட விலை சொல்லவில்லை.

நர்மதாதான் முதலில் வாய் திறந்தாள். “சிரிக்கல மாமா. வீடியோவுல புடிச்ச வார்த்தையத்தான் அடிச்சோம். உங்க வார்த்தைய அடிக்கல.”

“என் வார்த்த எங்க இருக்கு இதுல? எல்லாம் இருக்கு. வெங்காயம் இருக்கு, தண்ணி இருக்கு, பிரஷர் மாத்திர இருக்கு.” அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எதிராளியின் சரக்கில் கீறலைக் கண்டுபிடித்தவன் முகத்து வெளிச்சம். “ஏண்டா, எல்லாம் பண்றேன்ட்டீங்க. கல்யாணம் எங்கடா பண்ணியிருக்கீங்க?”

“மாமா?”

“நீ இவள மனைவியா ஏத்துக்குறேன்னு எங்க எழுதியிருக்க? இவ உன்னக் கணவனா ஏத்துக்குறேன்னு எங்க இருக்கு? இதப் படிச்சா ஒரே வூட்டுல வாடகைக்கு இருக்குற ரெண்டு பேரு பண்ணிக்கிட்ட ஒப்பந்தம்.”

இருவரும் அட்டையின் மேல் குனிந்தார்கள். இல்லை. பெரிய வார்த்தையெல்லாம் வழித்தெடுத்தபோது கல்யாணமும் சேர்ந்து போய்விட்டிருந்தது.

“சட்டத்துல என்ன சொல்லுதுன்னா” என்று மாமா விரல் விட்டார், “சொந்தபந்தம் முன்னால, ரெண்டு பேருக்கும் புரியற பாஷையில, இன்னாரை ஏத்துக்குறேன்னு ஒருத்தரப்பத்தி ஒருத்தர் சொல்லணும். இல்ல மாலை மாத்தணும், மோதிரம் போடணும். இல்ல தாலி கட்டணும். ஏதாவது ஒண்ணு.”

“மாலை மாத்துறோமே. அப்ப போதும்ல?” என்றான் தமிழ்மாறன்.

“சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது.”

“எங்களுக்கும் போதாது” என்றாள் நர்மதா. “அந்த ஒரு வரி உங்க வரியாவே இருக்கட்டும் மாமா. எவ்வளவு பெருசா வேணுமோ சொல்லுங்க. அதுக்கப்புறம் எங்களது.”

ஜோதி முன்னால் நகர்ந்தாள். “அண்ணே, முதல்ல உங்களது. அதுதான் தலைச்சன். கேக்குறவங்க எந்திரிச்சு நிப்பாங்க. நின்னவங்க உக்காந்து கேக்கத்தான் பின்னாடி வர்றது.”

மாமா விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வேலையில் இறங்கிவிட்டார்.

“எழுதுறது வேற, மைக்குல சொல்றது வேற. நான் எடுத்துக் குடுப்பேன், நீங்க திருப்பிச் சொல்லணும். நாலு வார்த்தைக்கு மேல போனா மாப்ள திணறிடுவான். ‘நைட் ஷிப்ட் முடித்து’ நிறுத்து. ‘நீங்கள் தூங்கும் பகலில்’ நிறுத்து. ‘மிக்ஸி ஓடாது.’ ஆங். சபை சிரிக்கும். சிரிச்சு முடிக்கிறவரைக்கும் காத்திருங்க. ‘எப்போதும்’னு ஒண்ணு போட்டிருக்க, எடுத்துடு. எப்போதும்னு சொன்னவன் எவனும் எப்போதும் பண்ணுனதில்ல. இத்தன கல்யாணத்துல நானே சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியும்.”

“தவறினா என்னன்னு ஒண்ணு வேணும்ண்ணே” என்றாள் ஜோதி. “சரக்கு கொடுத்தா, திருப்பி எடுக்குறது எப்படின்னு பேசாம குடுக்கமாட்டேன்.”

‘தவறினால் மறைக்க மாட்டேன். மறுநாள் நானே சொல்லித் திருத்துவேன்’ என்று கடைசி வரி வந்தது. மாமா அதை மட்டும் இன்னொரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் சுருட்டிய தாளின் பின்புறத்தில் மளமளவென்று பிரதி எடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று தமிழ்மாறன் கீழே போனான்.

போனான்தான். சாப்பாட்டுக் கூடத்தில் முத்தாயி ஒவ்வொரு இலையாக நின்று பரிமாறுபவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா, ஒரு விசயம்” என்றான். “சொல்லு” என்றாள். அதற்குள் கூடப் பெருக்கிய நாலைந்து பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்கள். முத்தாயி அவர்களிடம், “வீட்டுக்குள்ளயே பாத்ரூமு. ரெண்டு. வாசல்ல வேப்பமரம். அந்த மரத்தடியிலதான உக்காந்து கஞ்சி குடிப்போம், ஞாபகம் இருக்கா? குடிபோற அன்னிக்கு எல்லாரும் வந்துருங்க” என்றாள். ஒருத்தி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

“என்னடா விசயம்?” என்று முத்தாயி திரும்பினாள்.

“சாப்டியான்னு கேட்டேன்.”

மூன்று மணிக்கு ஒருமுறை போனான். அம்மா ஒரு கிழவரின் காலில் விழுந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்குப் போனான். அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து, “அழகா இருக்கடா” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த மகன் பேசுவான்.

நாலரை மணிக்கு மண்டபம் நிறைந்தது. மேடையில் ஐயர் இல்லை, அக்னி இல்லை. இரண்டு மாலை, ஒரு மைக். கைம்பெண் என்று யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. மாலைத் தட்டை ஜோதியே மேடைக்குக் கொண்டுவந்தாள். ராகுகாலத்தில், சம்பந்தி பார்க்க, தலைநிமிர்ந்து.

தங்கசாமி தொடங்கினார்.

“மாண்புமிகு மணமகள் நர்மதா அவர்களே. மாண்புமிகு மணமகன் தமிழ்மாறன் அவர்களே. சான்றோர் நிறைந்த இப்பேரவையின் முன்...”

அந்தக் குரலுக்கு மண்டபம் தானாக நிமிர்ந்தது. நர்மதா மைக்கை வாங்கினாள். “சான்றோர் நிறைந்த இப்பேரவையின் முன், தமிழ்மாறன் ஆகிய உங்களை, என் வாழ்க்கைத் துணைவராக, முழுமனத்தோடு ஏற்கிறேன்.” தமிழ்மாறனும் சொன்னான். இருவர் குரலும் அந்தப் பெரிய வார்த்தைகளுக்குள் பொருந்தி நின்றன. முன்வரிசையில் வயதானவர்கள் சிலர் உண்மையாகவே எழுந்து நின்றார்கள். தங்கசாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து நர்மதாவின் வாக்குகள். மிக்ஸிக்குச் சபை சிரித்தது. காத்திருந்து தொடர்ந்தாள். ரிப்போர்ட்டு வரிக்குப் பல பெண்கள் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அது கைதட்டலைவிட நல்ல ஒப்புதல்.

பிறகு தமிழ்மாறன். வெங்காயம் தாண்டினான். தண்ணீர் தாண்டினான். கைதட்டல் வந்தது. முத்தாயி பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டி, “எம்புள்ள சொந்தமா எழுதுனது” என்றாள்.

மாமா எடுத்துக் கொடுத்தார். “என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை...”

தமிழ்மாறன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

“நானே சொல்வேன்” என்று மாமா மறுபடி கொடுத்தார். “டேய், சொல்லு.”

நர்மதா அவனைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லவில்லை என்பது அவன் காதுமடல்வரை தெரிந்தது. அவளும் மைக்கின் பக்கம் போகவில்லை. நின்றாள். அடுத்த வரி வீட்டைப் பற்றியது. இந்த வரி பொய்யானால் அது எப்படி நிற்கும்?

தமிழ்மாறன் மைக்கை மாமா கையில் வைத்தான்.

“ஒரு நிமிசம் மாமா. இத சொல்றதுக்கு முன்னாடி செஞ்சுட்டு வந்துடுறேன்.”

மேடையிலிருந்து இறங்கினான். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, அம்மாவின் நாற்காலிக்கு முன் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். மண்டபம் ஒன்றும் புரியாமல் சலசலத்தது. தங்கசாமி மைக்கில், “தாயிடம் வாழ்த்துப் பெறுகிறார் மணமகன்” என்று சமாளித்தார். வாழ்த்து அல்ல என்று அவருக்குத் தெரியும்.

அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. முத்தாயியின் முகத்தை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. அவள் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் மேடையைப் பார்த்தாள். நர்மதா பார்வையைத் தாழ்த்தவில்லை. கையெடுத்தும் கும்பிடவில்லை. மாலையைப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்திருக்கிறவளாக நின்றாள்.

முத்தாயி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனின் தோளைத் தட்டினாள். எழுந்து போ என்பதுபோல.

“போ. கூட்டம் நிக்குது.”

அவன் மேடை ஏறினான். மைக்கை வாங்கினான். மாமா எடுத்துக் கொடுக்கவில்லை. தானே சொன்னான்.

“என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். முன்கூட்டியே சொல்வேன். இன்னிக்குத் தவறிட்டேன். இப்ப சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கினான். “நர்மதாவின் வேலை பெரம்பலூரில். நம் வீடும் பெரம்பலூரில். தூரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.”

கைதட்டல் உடனே வரவில்லை. குவார்ட்டர்ஸ் பற்றிக் கேட்டிருந்த அந்தப் பெருக்குகிற பெண்கள் முத்தாயியைப் பார்த்தார்கள். அவள் என்ன செய்கிறாளோ அதுதான் அவர்களும். முத்தாயி இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். துடைப்பம் பிடித்துக் காய்த்த கை. சத்தம் பெரிதாக வந்தது. மண்டபமே சேர்ந்துகொண்டது.

மாலை மாறியது. தங்கசாமி, தான் நடத்திய கல்யாணங்களிலேயே இதுதான் என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

வாழ்த்துச் சொல்ல வரிசை நின்றது. முத்தாயி வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் மேடை ஏறினாள். நர்மதாவின் மாலையைச் சரிசெய்தாள். சரிசெய்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

“நீ கேட்டியா, அவனா சொன்னானா?”

“நான்தான் கேட்டேன் அத்தை. அவருதான் எழுதுனாரு.”

“ம். எனக்கு யாரும் கேக்கச் சொல்லித் தரல.” புடவைத் தலைப்பால் நர்மதாவின் நெற்றி வியர்வையை ஒற்றினாள். குரலில் அழுகை இல்லை. கணக்கு இருந்தது. திரும்பி ஜோதியைக் கூப்பிட்டாள். “சம்பந்தி, பெரம்பலூர்ல உங்களுக்குத்தான ஆள் தெரியும். வூடு நீங்கதான பாக்கப் போறீங்க?”

“ஆமாங்க. ரெண்டு ரூமுல ஒண்ணு கண்ணுல வச்சிருக்கேன்.”

“ரெண்டு பத்தாது. மூணா பாருங்க” என்றாள் முத்தாயி. “நானும் வரேன்.”

ஜோதி மகளைப் பார்த்தாள். மகள் புருஷனைப் பார்த்தாள். புருஷன், எதிரே கேமராக்காரர் சொன்னபடி, சிரித்துக்கொண்டிருந்தான்.